இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்: சிஆர்டி பேஸ்மேக்கர் செய்யும் வேலை

"அப்பாவுக்கு நாடி எழுபத்திரண்டு இருக்கே. அப்புறம் எதுக்கு பேஸ்மேக்கர் வைக்கச் சொல்றாங்க?"

பினாங்கில் நான் வேலை செய்யும் பேஸ்மேக்கர் கிளினிக்கில் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பேஸ்மேக்கர் என்றால் மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தட்டி எழுப்பும் கருவி என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். எழுபத்திரண்டு நல்ல நாடி. அதைத் தட்டி எழுப்ப என்ன இருக்கிறது?

பதில் என்னவென்றால், சிஆர்டி என்னும் இந்த வகைக் கருவி நாடியைக் கூட்டுவதற்காக வைக்கப்படுவதில்லை. இதயத்துக்குப் புது பலம் தருவதும் இதன் வேலையில்லை. இது தேவைப்படுபவர்களிடம் இதயத்தின் இரண்டு பக்கச் சுவர்களும் வேறு வேறு நேரத்தில் சுருங்குகின்றன. அவற்றை ஒரே நேரத்தில் சுருங்க வைப்பதுதான் இதன் வேலை. இது புரிந்துவிட்டால் யாருக்கு வைக்கிறார்கள், ஏன் இரண்டு வயர், ஏன் ஒவ்வொரு செக்கப்பிலும் ஒரு சதவீதக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

### பலவீனமான இதயம் என்றால் என்ன

இதயச் செயலிழப்பு என்று டாக்டர் சொன்னதும் பலர் இதயம் நின்றுபோகப் போகிறது என்று பயந்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் வெளியே தள்ள முடியவில்லை என்பதே அதன் பொருள். அதனால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், இரவில் படுத்தால் இருமல் வரும்.

எவ்வளவு தள்ளுகிறது என்பதை எக்கோ ஸ்கேனில் அளக்கிறார்கள். இடது கீழறையில், அதாவது உடலுக்கு இரத்தம் அனுப்பும் முக்கிய அறையில், நிரம்பியிருக்கும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறதோ அதுவே இஎஃப். நல்ல இதயத்தில் இது 55-க்கு மேல் இருக்கும். முழுதாக 100 சதவீதம் யாருக்கும் வெளியேறுவதில்லை. ஆகவே 30 என்று தாளில் கண்டால் 70 சதவீத இதயம் போய்விட்டது என்று கணக்குப் போட வேண்டாம்.

இஎஃப் குறைவதற்குக் காரணங்கள் பல. மாரடைப்பில் தசை செத்திருக்கலாம், தசை நோய் இருக்கலாம். சிலரிடம் இதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்கிறது. தசையில் மிச்சமிருக்கும் பலம்கூட வீணாகிறது, ஏனென்றால் சுவர்கள் ஒத்துப்போகவில்லை.

### ஒரு கை அழுத்த, மறு கை விலகினால்

தேங்காய்ப்பால் பிழிவதை நினைத்துப் பாருங்கள். துருவிய தேங்காயை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் அழுத்தினால்தான் பால் இறங்கும். வலது கை அழுத்தும்போது இடது கை தளர்ந்து பின்வாங்கினால், பிறகு இடது கை அழுத்தும்போது வலது கை தளர்ந்தால், கை வலிக்குமே தவிரப் பால் வராது. உழைப்பு அதே உழைப்புதான். தேங்காய் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சில நோயாளிகளின் இடது கீழறையில் நடப்பது கிட்டத்தட்ட இதுவேதான். அந்த அறையின் ஒரு பக்கம் நடுச்சுவர். இது வலது கீழறைக்கும் இடது கீழறைக்கும் பொதுவானது. எதிர்ப் பக்கம் வெளிச்சுவர். இது இடது விலாவை ஒட்டியிருப்பது. நடுச்சுவர் முதலில் சுருங்குகிறது. அப்போது வெளிச்சுவருக்கு இன்னும் கட்டளை வந்து சேரவில்லை. அது தளர்வாக இருப்பதால் இழுபட்டு வெளியே உப்புகிறது. பிறகு வெளிச்சுவர் சுருங்கும்போது நடுச்சுவர் தன் வேலையை முடித்துத் தளரத் தொடங்கியிருக்கும். அதனால் அது வலது பக்கமாகத் தள்ளப்படுகிறது. இரத்தத்தில் ஒரு பங்கு வெளியே போகாமல் அறைக்குள்ளேயே இடம் மாறுகிறது.

எக்கோவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துடிப்பின் தொடக்கத்தில் நடுச்சுவர் ஒரு கணம் உள்ளே வெட்டி இழுத்துவிட்டுத் திரும்பும். இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வைத் தாங்கும் தசைகளும் நேரம் தவறிச் சுருங்குவதால் வால்வு சரியாக மூடாமல் கொஞ்சம் இரத்தம் பின்னோக்கிக் கசிவதும் உண்டு.

### கட்டளை ஏன் தாமதமாகிறது

தசைக்குச் "சுருங்கு" என்று சொல்வது ஒரு மின்துடிப்பு. அது வலது மேலறையில் பிறந்து, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஒரு முடிச்சில் சற்றுத் தாமதித்து, பிறகு வலது கிளை, இடது கிளை என்று இரண்டாகப் பிரிந்து கீழறைகளுக்குள் ஓடுகிறது. இந்தக் கிளைகளும் அவற்றின் நுண்ணிய இழைகளும் மின்சாரத்தை மிக வேகமாகக் கடத்தும்: நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வரை. சாதாரண இதயத் தசையோ நொடிக்கு அரை மீட்டர் அளவில்தான் கடத்தும், ஒரு தசைச் செல்லிலிருந்து அடுத்ததற்கு என்று கைமாற்றிக்கொண்டே போக வேண்டியிருப்பதால்.

இடது கிளை பழுதடைந்தால் கட்டளை வலது கிளை வழியாக மட்டுமே இறங்கும். வலது கீழறையும் அதை ஒட்டிய நடுச்சுவரும் உடனே சுருங்கும். இடது வெளிச்சுவருக்குப் போக வேண்டிய மின்துடிப்பு, நடுச்சுவரைக் குறுக்கே கடந்து, மெதுவான தசை வழியாகவே ஊர்ந்து போய்ச் சேரும். இதற்கு இடது கிளைத் தடை என்று பெயர். இது இரத்தக் குழாய் அடைப்பு அல்ல. பலூன், ஸ்டென்ட், பைபாஸ் எதுவும் இந்தத் தடையைத் திறக்காது.

இந்தத் தாமதம் ஈசிஜி தாளிலேயே தெரியும். அதில் உயரமாகக் குத்தி எழும் வரிக்குக் கியூஆர்எஸ் என்று பெயர். கீழறைகள் முழுவதும் மின்துடிப்பு பரவ ஆகும் நேரமே அதன் அகலம். தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி. சாதாரணமாக அந்த வரி இரண்டு, இரண்டரைக் கட்டத்துக்குள் முடிந்துவிடும். மூன்று கட்டம், அதாவது 120-ஐ எட்டினால் அகலம் என்கிறோம். இடது கிளைத் தடை உள்ள பலவீனமான இதயங்களில் நான்கு கட்டத்தைத் தாண்டுவது சாதாரணம்.

கியூஆர்எஸ் அகலம் என்பதை இதயம் அகலமாகிவிட்டது, வீங்கிவிட்டது என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். ஆனால் ஈசிஜி அகலம் அளப்பது நேரத்தை.

*இதுவரை:* இடது கிளை கெட்டால் நடுச்சுவர் முதலிலும் வெளிச்சுவர் பிந்தியும் சுருங்கும். பிந்தும் அளவை ஈசிஜியில் கியூஆர்எஸ் அகலமாகக் காண்கிறோம். நேரம் தவறுவதால் இருக்கும் பலமும் வீணாகிறது.

### இரண்டு முனையிலிருந்து ஒரே கட்டளை

பழுதான கிளையைச் சரிசெய்ய நம்மிடம் வழியில்லை. ஆனால் கட்டளை பிந்திச் சேரும் இடத்துக்கே நேராக இன்னொரு வயரைக் கொண்டுபோகலாம். சிஆர்டியின் அடிப்படை இவ்வளவுதான்.

கருவி இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைக்கப்படுகிறது. அதிலிருந்து லீட் எனப்படும் மெல்லிய வயர்கள் இரத்த நாளம் வழியாக இதயத்துக்குள் போகின்றன. பொதுவாக மூன்று இருக்கும். ஒன்று வலது மேலறையில் இருந்து, துடிப்பு எப்போது பிறக்கிறது என்று கவனிக்கிறது. சுவர்களை ஒன்றுசேர்க்கும் வேலையைச் செய்பவை மற்ற இரண்டும்தான்: ஒன்று வலது கீழறையின் உட்புறத்தில், நடுச்சுவர்ப் பக்கம்; மற்றது இடது கீழறையின் வெளிச்சுவரில்.

அந்த இடது லீட்டை வைப்பதுதான் கடினம். இடது கீழறைக்கு உள்ளே வயரை விட்டால் அதில் இரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. 1994-ல் பிரான்சில் முதன்முதலாக இந்தச் சிகிச்சையைச் செய்தபோது, நெஞ்சைத் திறந்து இடது கீழறையின் வெளிப்பரப்பில் லீட்டைப் பொருத்தினார்கள். பிறகு 1998 வாக்கில் பிரெஞ்சு மருத்துவர்களே எளிதான வழியைக் காட்டினார்கள். இதயத் தசைக்குப் போன இரத்தம் திரும்பி வரும் நாளங்கள் எல்லாம் கொரோனரி சைனஸ் என்ற பெரிய நாளத்தில் சேர்ந்து, வலது மேலறையில் வந்து திறக்கின்றன. அந்த வாயிலில் நுழைந்து பின்னோக்கிப் போனால், வெளிச்சுவரின் மேல் ஓடும் கிளை நாளம் ஒன்றில் லீட்டை நிறுத்தலாம். இப்படிப் போகும் லீட் அறைக்குள் நுழைவதே இல்லை. வெளிப்பரப்பில் இருந்தபடியே தசையைத் தூண்டுகிறது.

ஆகவே கோலாலம்பூரிலுள்ள தேசிய இதய மருத்துவமனையான ஐஜேஎன்னுக்கு அனுப்புகிறார்கள் என்றதும் நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்று கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி செய்கிறார்கள். முதலில் சாயம் செலுத்தி நாளங்களின் படத்தை எடுப்பார்கள்; ஒவ்வொருவருக்கும் கிளைகள் வேறு மாதிரி இருக்கும். சிலரிடம் வெளிச்சுவரில் தோதான நாளமே இருக்காது. வேறு சிலரிடம் நாளம் நல்ல இடத்தில் இருந்தாலும் பக்கத்தில் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு ஓடும். லீட் தூண்டும்போது அந்த நரம்பும் தூண்டப்பட்டு, விக்கல் போல வயிறு துடிக்கும். இதற்காகவே இப்போதைய இடது லீட்டுகளில் நான்கு தூண்டுமுனைகள் வைக்கிறார்கள். ஒரு முனை தொந்தரவு கொடுத்தால், லீட்டை நகர்த்தாமலேயே வெளியிலிருந்து கணினி மூலம் வேறு முனைக்கு மாற்றிவிடலாம்.

இனி இரண்டு லீட்டும் ஒரே நேரத்தில், அல்லது சில மில்லி விநாடி முன்பின்னாக, தூண்டுகின்றன. நடுச்சுவரிலிருந்து ஓர் அலை, வெளிச்சுவரிலிருந்து ஓர் அலை. இரண்டும் எதிரெதிராகப் புறப்பட்டு இடையில் சந்திக்கின்றன. ஒரே அலை முழுத் தூரத்தையும் ஊர்ந்து கடப்பதற்குப் பதிலாக, இரண்டு அலைகள் ஆளுக்குப் பாதியாகக் கடக்கின்றன. அதனால்தான் கியூஆர்எஸ் சுருங்குகிறது. இயற்கையான 90, 100-க்கு அது பெரும்பாலும் திரும்புவதில்லை. தசை வழியாகப் போகும் அலை எப்போதும் கிளை வழியாகப் போவதைவிட மெதுவானது.

வலது பக்கம் மட்டும் தூண்டினால் என்ன ஆகும்? இடது கிளைத் தடை உள்ளவரின் நிலைமையை நாமே செயற்கையாக உண்டாக்கியதாகிவிடும். பல வருடமாக வலது கீழறையில் மட்டும் தூண்டப்பட்ட சாதாரண பேஸ்மேக்கர்காரர்கள் சிலருக்கு இஎஃப் இறங்கி, பிறகு இடது லீட் சேர்க்க வேண்டி வருவது இதனால்தான்.

நேரம் திருத்தப்படும்போது இதயம் அதிகம் வாங்கி அதிகம் செலவழிப்பதில்லை. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படித் தூண்டும்போது இதயம் சுருங்கும் வேகம் கூடியது, ஆனால் தசை எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் சற்றுக் குறைந்தது. டோபுடமின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்து அதே அளவு வேகம் வரவைத்தபோது ஆக்சிஜன் செலவு ஏறியது. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

*இதுவரை:* ஒரு லீட் நடுச்சுவர்ப் பக்கம், ஒரு லீட் வெளிச்சுவர்ப் பக்கம். இரண்டும் சேர்ந்து தூண்டுவதால் சுவர்கள் ஒன்றாகச் சுருங்குகின்றன. புது பலம் ஏதும் சேர்வதில்லை, வீணாவது குறைகிறது.

### எல்லாத் துடிப்பையும் முந்த வேண்டும்

சாதாரண பேஸ்மேக்கர் சும்மா இருந்தால் நல்ல செய்தி; இதயம் தானாகவே துடிக்கிறது என்று அர்த்தம். சிஆர்டி சும்மா இருந்தால் கெட்ட செய்தி. அது விட்டுவிட்ட ஒவ்வொரு துடிப்பும் பழைய பாதையில், பழைய தாமதத்தோடு நடந்த துடிப்பு.

அதனால் கருவி இயற்கையான கட்டளையை முந்தியாக வேண்டும். மேலறையில் துடிப்பு பிறந்ததிலிருந்து கீழறைக்குக் கட்டளை இறங்க ஒருவருக்கு 200 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள். கருவி 120-ல் தூண்டும்படி அமைத்தால் அது முந்திவிடும். 210 என்று அமைத்தால் இயற்கையான துடிப்பு முதலில் வந்துவிடும், கருவி ஒதுங்கிக்கொள்ளும். ரொம்பவும் குறைத்து 50 என்று வைத்தால் வேறொரு சிக்கல்: மேலறை தன் இரத்தத்தைக் கீழே இறக்கி முடிப்பதற்குள் கீழறை சுருங்கிவிடும். இந்த இடைவெளியைச் சரியாக அமைப்பதற்குத்தான் செக்கப்பில் நாங்கள் நேரம் செலவழிக்கிறோம்.

### யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

2021-ன் ஐரோப்பிய வழிகாட்டியின்படி மிக உறுதியான பரிந்துரை இவர்களுக்கு: மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் அறிகுறிகள் தொடர்பவர்கள், இஎஃப் 35 அல்லது அதற்குக் கீழ், இடது கிளைத் தடை, கியூஆர்எஸ் 150 அல்லது அதற்கு மேல். 130-க்கும் 149-க்கும் இடையில் பரிந்துரை சற்றுத் தளர்கிறது. 130-க்குக் கீழே பொதுவாக வேண்டாம் என்கிறார்கள்.

2005-ல் வந்த கேர்-எச்எஃப் ஆய்வில் 813 பேர் இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேரும், மருந்தோடு சிஆர்டியும் வைத்தவர்களில் 20 சதவீதம் பேரும் ஆய்வுக் காலத்தில் இறந்தார்கள். அந்தக் கருவிகளில் ஷாக் கொடுக்கும் வசதி இல்லை; நேரத்தைத் திருத்தியது மட்டுமே இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. (ஷாக் வசதியும் சேர்ந்த வகை தனியாக உண்டு. அது ஆபத்தான வேகத் துடிப்பை நிறுத்துவதற்கு. அது வேண்டுமா என்பது வேறு முடிவு.)

இதற்கு மறுபக்கமாக 2013-ன் எக்கோ-சிஆர்டி ஆய்வைச் சொல்ல வேண்டும். கியூஆர்எஸ் 130-க்குக் குறைவாக இருந்தும், எக்கோவில் சுவர்கள் ஒத்துப்போகாதவர்களைத் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் கருவி வைத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதை இயக்கினார்கள். இயக்கியவர்களில் 11 சதவீதம் பேர் இறந்தார்கள், இயக்காதவர்களில் 6 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கிளைகள் நன்றாக இருக்கும் இதயத்தில் வெளியிலிருந்து தூண்டினால், வேகமான பாதையை விட்டு மெதுவான பாதைக்கு நாமே தள்ளுகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக வேலை செய்தது என்பதற்காக நமக்கும் கேட்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தகுதி இருந்தும் சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் வருவதில்லை. வெளிச்சுவரில் மாரடைப்புத் தழும்பு இருந்தால் அங்கே தூண்டியும் தசை பதில் சொல்லாது. லீட் தோதான இடத்தில் அமையாமல் போகலாம். மொத்தத் துடிப்புகளில் கருவி தூண்டியவற்றின் பங்கு, அதாவது தூண்டும் சதவீதம், குறைந்துபோயிருக்கலாம். கடைசியாகச் சொன்னது திருத்தக்கூடியது, எனவே அதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

### ஓர் உதாரணம்

பட்டர்வொர்த்தைச் சேர்ந்த 62 வயது லோரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் பலரிடம் பார்ப்பதைச் சேர்த்து அமைத்த உதாரணம் இது. இரத்தக் குழாய்களில் அடைப்பில்லை, ஆனால் இஎஃப் 27. ஈசிஜியில் இடது கிளைத் தடை, கியூஆர்எஸ் 164. மூன்று மாதத்துக்கு மேல் மருந்துகளை ஒழுங்காக எடுத்தும், தண்ணீர்மலைப் படிகளில் இருபது ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

சிஆர்டி வைக்கிறார்கள். கியூஆர்எஸ் 164-லிருந்து 130-க்கு இறங்குகிறது. ஆறு மாதத்தில் இஎஃப் 39. இடது கீழறையின் அளவும் சுருங்கியிருக்கிறது. தூண்டும் சதவீதம் 98.

அடுத்த வருடம் வரும்போது, "கொஞ்ச நாளா மறுபடியும் மூச்சு வாங்குது தம்பி. பேட்டரி வீக்காயிடுச்சா?" என்று கேட்கிறார். பேட்டரியில் குறையில்லை. லீட் நகர்ந்திருந்தால் தூண்டுதல் தசையைப் பிடிக்காது, ஈசிஜியின் வடிவமே மாறிவிடும், அதுவும் மாறவில்லை. ஆனால் தூண்டும் சதவீதம் 84-க்கு விழுந்திருக்கிறது.

84 கேட்க நல்ல மதிப்பெண் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 என்றால் ஒரு நாளுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான துடிப்புகள். அதில் 16 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 16,000-க்கு மேற்பட்ட துடிப்புகள் சுவர்கள் ஒத்துப்போகாமல் நடக்கின்றன. 98-க்கு மேல் இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

காரணம் என்ன? மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் இப்படி ஆகும். கருவியின் பதிவில் அது இல்லை. பதிலாக, கீழறையிலேயே முந்திப் பிறக்கும் கூடுதல் துடிப்புகள் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. அவை வரும்போது கருவி, துடிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறது. 24 மணி நேரமும் தொடர்ந்து ஈசிஜி எடுக்கும் ஹோல்டர் பதிவு எடுத்தபோது அதுவும் இதையே காட்டுகிறது.

ஹோல்டரை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். கருவியின் கணக்கில் ஒரு குறை உண்டு. இயற்கையான துடிப்பும் கருவியின் தூண்டுதலும் ஒரே கணத்தில் மோதினால், கருவி அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தசையோ பெரும்பாலும் பழைய பாதையிலேயே சுருங்கியிருக்கும். கருவி 95 என்று சொல்லியும் ஆள் தேறவில்லை என்றால், ஹோல்டரில் துடிப்புகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் உண்மையைப் பிடிக்க முடியும்.

இவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்து, கூடுதல் துடிப்புகளை அடக்க அமியோடரோன் மாத்திரை தொடங்குகிறார்கள். மருந்தில் அடங்காவிட்டால், அந்தத் துடிப்பு பிறக்கும் புள்ளியை வடிகுழாய் வழியாகச் சுட்டு அழிக்கும் அப்லேஷனும் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துச் சதவீதம் 97-க்கு ஏறுகிறது, மூச்சு வாங்குவதும் குறைகிறது. அமியோடரோன் எடுப்பதால் தைராய்டு, கல்லீரல் இரத்தப் பரிசோதனைகளுக்கும் இனி அவர் தவறாமல் வர வேண்டும். 97-ஐ 98-க்கு மேல் கொண்டுபோக முடியுமா என்று அடுத்த முறை பார்ப்போம்.